எழுபத்து நான்கு சொற்களுக்குப் பின்னால் ஒரு கடைசி நாள்

2025 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. பீகார் வாக்காளர் பட்டியல் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தது. வரைவுப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். நேரில் சென்று படிவம் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஆதார் அட்டையையோ தேர்தல் ஆணையம் ஏற்கெனவே பட்டியலிட்டிருந்த 11 ஆவணங்களில் ஒன்றையோ இணைத்தால் போதும் என்பது அதன் சாரம். அங்கீகரிக்கப்பட்ட 12 கட்சிகளும் தங்கள் வாக்குச்சாவடி முகவர்கள் மூலம் மக்களுக்கு உதவ வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. விண்ணப்பிக்க அன்று அறிவிக்கப்பட்டிருந்த கடைசி நாள் செப்டம்பர் 1. அதாவது கையில் இருந்தவை பத்து நாட்கள்.

அந்தப் பத்து நாட்கள் பீகாருக்கு மட்டும் உரியவை அல்ல. வரைவுப் பட்டியலில் இடம்பெறாத ஏறத்தாழ 65 லட்சம் பெயர்களில் சுமார் 36 லட்சம் பெயர்களுக்கு ஆணையம் சொன்ன காரணம், அவர்கள் நிரந்தரமாக வெளியூர் சென்றுவிட்டார்கள் அல்லது கண்டுபிடிக்க முடியவில்லை என்பதாகும். பீகாரின் உழைப்பாளி வீட்டு இளைஞன் எங்கே இருப்பான்? திருப்பூரின் பின்னலாடைப் பட்டறையில், பெங்களூருவின் கட்டுமான இடத்தில், சூரத்தின் விசைத்தறிக் கூடத்தில், லூதியானாவில், தில்லியில் இருப்பான். ஆகவே நமது இயக்கம் இருக்கும் ஒவ்வொரு தொழில் நகரத்திலும் அந்தப் பத்து நாட்களுக்கு ஒரு வேலை இருந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குச் சென்று, வாக்காளர் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி, பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் விண்ணப்பம் அனுப்பித் தர வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்கு நாம் எப்படிச் செய்தி அனுப்புகிறோம்? அக்காலத்தில் நமது குழுக்களில் சுற்றிவரக்கூடிய ஒரு செய்தியை, நம் வழக்கமான நடையிலேயே நான் எழுதிக் காட்டுகிறேன். எந்தக் குறிப்பிட்ட குழுவையும் குறை சொல்வதற்கு அன்று. இதைவிட நீளமானவற்றை நானே எழுதியிருக்கிறேன்.

"அன்பார்ந்த தோழர்களே! புரட்சிகர வாழ்த்துகள். பீகார் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிவரும் சூழலில், இந்தியத் தேர்தல் ஆணையம் ஜூன் 24 அன்று அறிவித்த சிறப்புத் தீவிர திருத்தம் என்னும் நடவடிக்கையின் வாயிலாக ஏறத்தாழ 65 லட்சம் பேரின் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறாமல் போயுள்ள நிலையில், ஏழை, எளிய, தலித், சிறுபான்மை மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் இந்நடவடிக்கையைக் கண்டித்தும், உச்சநீதிமன்றம் ஆகஸ்ட் 14 மற்றும் 22 ஆகிய தேதிகளில் பிறப்பித்த இடைக்கால உத்தரவுகளை முழுமையாக நடைமுறைப்படுத்த வலியுறுத்தியும் நமது கட்சி மேற்கொண்டுவரும் இயக்கத்தின் ஒரு பகுதியாக, நமது பகுதிகளில் பணிபுரியும் பீகார் மாநிலப் புலம்பெயர் தொழிலாளர்களைச் சந்தித்து, அவர்களின் பெயர்கள் விடுபட்டிருப்பின் உரிய ஆவணங்களுடன் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க உதவிடுமாறு தோழர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் இலக்கணப் பிழை இல்லை. அரசியல் பிழையும் இல்லை. அச்சிட்ட சுற்றறிக்கையாக, கிளைக் கூட்டத்தில் செயலாளர் நிறுத்தி நிறுத்தி வாசித்தால், எல்லோருக்கும் புரியும். ஆனால் இது போய்ச் சேரும் இடம் கிளைக் கூட்டம் அல்ல. ஷிப்டுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும் ஒரு தோழரின் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி.

அந்தக் கைப்பேசியில் என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். முதலில், பூட்டிய திரையில் ஒரு அறிவிப்பு வருகிறது. அதில் குழுவின் பெயரும் அனுப்பியவர் பெயரும் முன்னால் நிற்கும். மிஞ்சிய இடத்தில் செய்தியின் ஓரிரு வரிகள் மட்டும் தெரியும். அடுத்து, வாட்ஸ்அப்பைத் திறந்தால் குழுக்களின் வரிசை. அங்கே ஒவ்வொரு குழுவுக்கும் கிடைப்பது ஒரே ஒரு வரி. அதிலும் அனுப்பியவர் பெயர் முன்பாதியை விழுங்கிவிடும். மூன்றாவதாக, குழுவுக்குள் நுழைந்தால்தான் செய்தி விரியும். அங்கும் மிக நீண்ட செய்தியாக இருந்தால் பாதியில் வெட்டி, 'மேலும் படிக்க' என்று காட்டும். ஆக, ஒரு செய்தி முழுமையாகப் படிக்கப்படுவதற்கு முன் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒரு தோழர் இருபது, முப்பது குழுக்களில் இருப்பவர். முதல் வாசலிலேயே, இது இப்போது பார்க்க வேண்டியதா, இரவு பார்த்துக்கொள்ளலாமா என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். இரவு பார்க்கும்போது அதன்மேல் நாற்பது செய்திகள் ஏறியிருக்கும்.

மேலே எழுதிக்காட்டிய செய்தி முதல் இரண்டு வாசல்களில் என்ன காட்டும்? "அன்பார்ந்த தோழர்களே! புரட்சிகர வாழ்த்துகள்." அவ்வளவுதான். நேற்றைய இரங்கல் செய்தியும் அப்படித்தான் தொடங்கியது. முந்தாநாள் நிதி வசூல் செய்தியும் அப்படித்தான். செய்தியின் உயிரான 'செப்டம்பர்' என்ற சொல் வருவதற்குள் எழுபத்து நான்கு சொற்கள் கடந்துவிடுகின்றன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வாழ்த்து கூடாதா என்று சில தோழர்கள் வருத்தப்படுவார்கள். வாழ்த்து இருக்கட்டும், இரண்டாவது வரியில் இருக்கட்டும். இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. கைப்பேசியும் கணினியும் தமிழ் எழுத்தை நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. 'தோ' என்பது நமக்கு ஓர் எழுத்து. அதற்கு 'த' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. இந்தக் கணக்கில் "அன்பார்ந்த தோழர்களே!" என்பது 20 இடங்களைப் பிடிக்கிறது. "செப்டம்பர் 1 கடைசி நாள்" என்பது 23 இடங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். அந்த ஒற்றை வரியில் எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஸ்மார்ட்போன் இல்லாத தோழர்களுக்குச் சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்பும் இடங்களில் இது இன்னும் கடுமையானது. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் செல்லும் ஒரு குறுஞ்செய்தியில் தமிழுக்குக் கிடைப்பது 70 இடங்கள் மட்டுமே. அதில் 20 இடங்களை விளிக்கே கொடுத்துவிட்டால் மீதி ஐம்பதில் என்ன சொல்வது?

நம்முடைய சிக்கல் வாழ்த்தோடு முடிவதில்லை. அது நம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். பேச்சில் இது தொல்லையே அல்ல; குரலின் ஏற்ற இறக்கம் கேட்பவரைக் கடைசி வரை இழுத்துச் செல்லும். எழுத்தில், குறிப்பாகத் தீர்மான நடையில், நாம் இந்த இயல்பை எல்லை வரை நீட்டிவிட்டோம். 'சூழலில்', 'நிலையில்', 'கண்டித்தும்', 'வலியுறுத்தியும்', 'ஒரு பகுதியாக' என்று எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கி, கடைசியில் 'கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிக்கிறோம். தீர்மானத்திற்கு அந்த நடை பொருந்தும். தீர்மானம் என்பது காரணங்களைச் சொல்லி முடிவுக்கு வரும் ஆவணம். அதன் முடிவு கடைசியில் இருப்பதே முறை. வேலைக்கான அழைப்பு அப்படியல்ல. எந்த வரியில் வெட்டினாலும் அதுவரை வந்தது பயன்பட வேண்டும். எச்சங்களால் கட்டிய வாக்கியத்தை நடுவில் வெட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வினை வெட்டுப்பட்ட பக்கத்தில் அல்லவா இருக்கிறது!

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. வினையே இல்லாமல் வாக்கியம் அமைக்கும் வசதி நம் மொழிக்கு உண்டு. "செப்டம்பர் 1 கடைசி நாள்." முழு வாக்கியம், வினை இல்லை, எந்தச் சொல்லுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. "ஆதார் போதும்." வினை வந்தாலும் இரண்டே சொற்கள். சுவரெழுத்துத் தோழர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக அறிவார்கள். நீலப்பொடியைக் கரைப்பதற்கு முன்பே சுவர் எத்தனை அடி, எழுத்து எத்தனை வரும் என்று அளந்துகொள்வார்கள். 'கண்டித்தும்' அடுக்குகளையெல்லாம் ஓரத்தில் சிறியதாக ஒதுக்கிவிட்டு, நாளையும் இடத்தையும் ஆளுயரத்தில் எழுதுவார்கள். கிளைச் செயலாளர் எழுதிக்கொடுத்த வாசகத்தை அவர்கள் வெட்டுவதால் ஏற்பட்ட சண்டைகளையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சுவர்தான் வென்றிருக்கிறது.

இனி அதே செய்தியைத் திருத்தி எழுதுவோம். ஆகஸ்ட் 23, சனிக்கிழமை காலையில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்.

"செப்டம்பர் 1 கடைசி நாள்: பீகார் தொழிலாளர்களின் வாக்காளர் பெயர் சேர்ப்பு.

தோழர்களே, உங்கள் பகுதியில் தங்கியுள்ள பீகார் தொழிலாளர்களை நாளை, ஞாயிறு ஆகஸ்ட் 24 அன்று, சந்தியுங்கள்.

அவர்களின் வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு voters.eci.gov.in தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் இல்லையென்றால் படிவம் 6-ஐயும் உறுதிமொழிப் படிவத்தையும் அங்கேயே நிரப்பி அனுப்பலாம். ஆதார் அட்டை அல்லது ஆணையம் ஏற்றுள்ள 11 ஆவணங்களில் ஒன்று போதும். ஊருக்குப் போக வேண்டியதில்லை. இது ஆகஸ்ட் 22 அன்று உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு.

வேலைக்காகத் தற்காலிகமாக வெளியூரில் இருப்பதால் மட்டும் ஒருவர் சொந்த ஊரின் வாக்காளர் என்ற தகுதியை இழப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20 இதைச் சொல்கிறது. 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இல்லை. அவற்றில் நம் தெருவில் வசிப்பவரின் பெயரும் இருக்கலாம்.

மாவட்டக்குழு, 23.8.2025"

முதல் வரியைப் பற்றி ஒரு வாதம் எழக்கூடும். "பீகார் தொழிலாளர்களின் வாக்காளர் பெயர் சேர்ப்பு: செப்டம்பர் 1 கடைசி நாள்" என்று எழுதினால் என்ன? காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். குழு வரிசையின் ஒற்றை வரியில் இரண்டாவது வடிவம் "பீகார் தொழிலாளர்களின்…" என்று நின்றுவிடும். அது ஒரு செய்தியா, கட்டுரையா, கண்டனமா என்று தெரியாது. முதல் வடிவம் வெட்டுப்பட்டாலும் "செப்டம்பர் 1 கடைசி நாள்" என்பது மிஞ்சும். எதற்குக் கடைசி நாள் என்று அறிய ஒருவர் திறந்து பார்ப்பார். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. திறக்க வைப்பதற்காகவே பாதியை மறைத்து எழுதுவது வணிக ஊடகங்களின் தந்திரம், "அதிர்ச்சித் தகவல்!", "உடனே பாருங்கள்!" என்று இரண்டு முறை அழைத்தால், மூன்றாம் முறை உண்மையான அவசரத்திற்கும் தோழர்கள் அசைய மாட்டார்கள். நாம் முதலில் வைப்பது மெய்யான தகவலாக இருக்க வேண்டும். மீதி அதன் அடுத்த வரியிலேயே கிடைத்துவிட வேண்டும்.

பத்திகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு பத்தியும் ஒரு வேலை: சந்திப்பது, தேடுவது, விண்ணப்பிப்பது, பிறகு காரணம். கைப்பேசித் திரையில் ஒரு வரிக்குத் தமிழ்ச் சொற்கள் மூன்று அல்லது நான்குதான் பிடிக்கும். நாற்பது சொற்களுள்ள ஒரு பத்தி பத்துப் பன்னிரண்டு வரிகளாக நீண்டு, திரையின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். அதற்குமேல் போனால் பத்தியின் தலையும் காலும் ஒரே பார்வையில் தெரியாது. வயது முதிர்ந்த தோழர்கள் பலர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள்; அவர்கள் திரையில் அது இன்னும் முன்னதாகவே நிரம்பும். தொழிலாளியின் முன் நின்று, ஒரு கையில் அவர் அட்டையையும் மறு கையில் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு, "அடுத்து என்ன?" என்று தேடும் தோழருக்கு இடைவெளி விட்ட பத்தி வழிகாட்டும். இடைவெளியில்லாத எழுத்துக் கட்டியில் அவர் தேடிக்கொண்டே இருப்பார்.

ஆனால் இங்கேதான் மறுபக்கத்துத் தவறும் நிகழ்கிறது. சின்னப் பத்தி நல்லது என்றதும் சிலர் எல்லா வாக்கியங்களையும் தனித்தனி வரியாக உடைத்துப் போடுகிறார்கள். "65 லட்சம் பேர் நீக்கம்." வரி மாறுகிறது. "யார் அவர்கள்?" வரி மாறுகிறது. "ஏழைகள்!" இது எழுத்து அல்ல, கைதட்டலுக்கான இடைவெளி. மேலே கடைசிப் பத்தியில் மூன்று கருத்துகள் ஒட்டியிருக்கின்றன: தற்காலிகமாக வெளியூர் போனவர் தகுதி இழப்பதில்லை என்பதும், அதற்குச் சட்டப் பிரிவு என்ன என்பதும், அதனால் இது நம் தெருவின் பிரச்சனை என்பதும். இவற்றைப் பிரித்தால், யாரோ ஒருவர் நடு வரியை மட்டும் நகலெடுத்து அனுப்புவார். காரணம் இல்லாத கூற்று ஊர் சுற்றும். காரணமும் கூற்றும் ஒரே பத்தியில் இருக்க வேண்டும். எது எதோடு சேர்ந்து பயணிக்க வேண்டும் என்பதே பத்தி பிரிப்பதற்கான அளவுகோல். வரிகளின் எண்ணிக்கை அதற்கு அடுத்துதான்.

மூத்த தோழர்களிடமிருந்து வரும் எதிர்ப்பு ஒன்றை நான் மதிக்கிறேன். "அரசியலைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டீர்கள். ஜனநாயகத்தின் மீதான தாக்குதல் என்பதைச் சொல்லாமல், வெறும் படிவம் நிரப்பும் சேவை மையமாகக் கட்சியை மாற்றுகிறீர்கள்" என்பது அந்த எதிர்ப்பு. இதில் உண்மை உண்டு. ஆணையத்தின் நடவடிக்கையை எதிர்ப்பது ஏன், குடியுரிமைக்கான சுமையை ஏழையின் தலையில் ஏற்றுவது எப்படி ஆபத்தானது என்பதையெல்லாம் விளக்காவிட்டால், படிவம் நிரப்பப்படும், உணர்வு பிறக்காது. ஆனால் அந்த விளக்கத்திற்கு உரிய இடம் இந்தச் செய்தியா? அது இந்த வாரஇதழின் பக்கம்; அது கிளைக் கூட்டம்; அது வாயில் கூட்டம். அங்கே நீண்ட பத்திகள் தேவை, சில வாதங்கள் நீண்ட பத்தியில்தான் நிற்கும். ஒரு வாதத்தை முழுமையாக வளர்ப்பதற்குப் பதிலாக அதைப் பத்து வரிகளாக நறுக்கி வைப்பது, வாசகரின் பொறுமையை நம்பாத எழுத்து. நமது உறுப்பினர்கள் அப்படி நடத்தப்பட வேண்டியவர்கள் அல்லர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் வரியைத் தேடுவதே பல நேரம் நமக்குக் கடினமாக இருக்கிறது. அது மொழித் திறன் குறைவால் அல்ல. மேலே எழுதிக்காட்டிய நீண்ட செய்தியை மறுபடி படியுங்கள். அதற்குள் குறைந்தது மூன்று செய்திகள் இருக்கின்றன. ஆணையத்தைக் கண்டிக்கிறது. உச்சநீதிமன்ற உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோருகிறது. தோழர்களை வேலைக்கு அழைக்கிறது. முதலாவது பொதுமக்களுக்கானது, இரண்டாவது ஆணையத்துக்கானது, மூன்றாவது மட்டுமே குழுவில் இருக்கும் உறுப்பினருக்கானது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டும்போது, யாரிடம் பேசுகிறோம் என்பதைக் குழு முடிவு செய்யாமல் எழுதுபவரின் தலையில் விட்டிருக்கிறது என்று பொருள். அவரும் யாரையும் விட்டுவிடக்கூடாதே என்று எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார். முக்கிய வரி எது என்று கேட்டால் கூட்டத்தில் இரண்டு விடைகள் வருமானால், எழுதத் தொடங்குவதற்கு முன் அந்த விவாதத்தை முடிக்க வேண்டும்.

படமாகவும் கோப்பாகவும் அனுப்புவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அழகாக வடிவமைத்த பிரசுரத்தைப் படமாக அனுப்பினால், அறிவிப்பில் தெரிவது ஒரு புகைப்படம் வந்திருக்கிறது என்ற குறி மட்டுமே. அதிலுள்ள எழுத்தைச் செய்தியைப்போல நேரடியாக நகலெடுக்க முடியாது. பிறகு தேடினாலும் குழுவில் கிடைக்காது. பார்வைக் குறைபாடுள்ள தோழரின் கைப்பேசி அதைச் செய்திபோல வாசித்துக் காட்டாது. படத்துக்குக் கீழே அந்த முக்கிய வரியைத் தட்டச்சு செய்து சேர்த்தால் பாதிச் சிக்கல் தீரும். சுற்றறிக்கையைக் கோப்பாக அனுப்பும்போது தெரிவது கோப்பின் பெயர்தான். "circular final new 2.pdf" என்ற பெயரைத் திறந்து பார்க்க எவருக்கும் ஆவல் பிறக்காது. கோப்புக்கு "செப்-1-கடைசி-பீகார்-வாக்காளர்.pdf" என்று பெயர் வைக்க அரை நிமிடம் போதும். தலைப்பில் ஐந்து செங்கொடிகளும் மூன்று முஷ்டிகளும் வைப்பவர்களுக்கு: கொடி நமக்கு உயிர்தான், வரியின் கடைசியில் பறந்தாலும் அது கொடிதான்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யலாம். செய்தியை முதலில் ஒரே ஒரு தோழருக்கு அனுப்புங்கள். முடிந்தால் பெரிய எழுத்து வைத்திருக்கும், குழு விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவராக இருக்கட்டும். அவர் கைப்பேசியைப் பூட்டி மேசைமேல் வைத்திருக்கட்டும். அறிவிப்பு வந்ததும், திறக்காமலேயே, "எது பற்றியது, எப்போதுக்குள்?" என்று கேளுங்கள். பிறகு திறந்து ஒருமுறை படிக்கச் சொல்லி, கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டு, "நீங்கள் நாளை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "பீகார் பிரச்சனையில் கட்சி போராடுகிறது" என்று அவர் சொன்னால் செய்தி தோற்றுவிட்டது. "நாளைக்கு அட்டை எண் வாங்கிப் பெயரைப் பார்க்கணும்" என்று சொன்னால் அனுப்பலாம். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அவசரச் செய்திக்கு ஐந்து நிமிடம் இல்லை என்பார்கள். எழுபத்து நான்கு சொற்களைத் தட்டச்சு செய்ய மட்டும் நேரம் இருந்ததல்லவா?

செய்தியின் கடைசி வரியான "மாவட்டக்குழு, 23.8.2025" என்பதையும் விட்டுவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை வேறு குழுவுக்கு அனுப்பினால், அது எந்தக் குழுவில் பிறந்தது, யார் எழுதியது என்பது உடன் செல்லாது. முன்னனுப்பப்பட்டது என்ற குறி மட்டுமே செல்லும். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடும் 2020 முதல் இருக்கிறது. ஆகவே திருப்பூரில் ஒரு தோழர் அதைப் பெறும்போது, அது நேற்று எழுதியதா, மூன்று வாரம் முந்தியதா என்று தெரிய வேண்டுமானால் நாளும் பெயரும் செய்திக்கு உள்ளேயே இருக்க வேண்டும். "நாளை" என்று மட்டும் எழுதாமல் "நாளை, ஞாயிறு ஆகஸ்ட் 24" என்று எழுதியதும் அதற்காகத்தான். முன்னனுப்பப்பட்ட செய்தியில் 'நாளை' எந்த நாளாகவும் இருக்கலாம்.

இது எவ்வளவு முக்கியம் என்பது அதே வழக்கில் தெரிந்தது. செப்டம்பர் 1 அன்று தேர்தல் ஆணையம் உச்சநீதிமன்றத்தில், அந்த நாளுக்குப் பின்னும் வேட்புமனுவுக்கான கடைசி நாள் வரை விண்ணப்பங்கள் பெறப்படும், அவை பரிசீலிக்கப்படும் என்று கூறியது. அதாவது, அதுவரை எல்லோரும் சுமந்துகொண்டிருந்த முக்கிய வரியே மாறிவிட்டது. நம் பழைய செய்தி இன்னும் கைப்பேசிகளில் இருக்கிறது; அதைப் படிக்கும் ஒரு தொழிலாளி, "போச்சு, நாள் முடிந்துவிட்டது" என்று கைவிட்டுவிடுவார். இங்கே வழக்கமான பாணியில் "முன்னர் அனுப்பிய சுற்றறிக்கையின் தொடர்ச்சியாக, தேர்தல் ஆணையம் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்துள்ளதற்கிணங்க" என்று தொடங்கினால், தோழர்கள் அதைப் பழைய செய்தி என்றே நினைத்துத் தாண்டிவிடுவார்கள். திருத்தச் செய்தியின் முதல் வரி, பழைய முதல் வரியை நேராக முறிப்பதாக இருக்க வேண்டும்:

"செப்டம்பர் 1 கடைசி நாள் அல்ல: பீகார் தொழிலாளர்கள் இன்னும் விண்ணப்பிக்கலாம்.

23.8.2025 அன்று நாம் அனுப்பிய செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். வேட்புமனுவின் கடைசி நாள் வரை விண்ணப்பங்கள் ஏற்கப்படும் என்று ஆணையம் நீதிமன்றத்தில் கூறியுள்ளது. இன்னும் சந்திக்காத தொழிலாளர்களைச் சந்தியுங்கள்.

மாவட்டக்குழு, 2.9.2025"